இரண்டாவது தொடலி எங்கே போனது?

போன சனிக்கிழமை பின்னேரம் மருமகன் வந்தான். சைக்கிளை வேலியோடு சாத்திவிட்டு நேரே விறாந்தைக்கு வந்து, நாலாக மடித்த பயிற்சித்தாளை என் முன்னால் விரித்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதம் தொடங்கி அவனுக்குச் சில மாதம்தான் ஆகிறது. நேர்கோடு முடிந்து இப்போது வட்டம். கேள்வி இதுதான்:

A(−1, −3), B(5, 5) என்பன ஒரு வட்டத்தின் விட்டமொன்றின் முனைகள். (i) வட்டத்தின் சமன்பாட்டைக் காண்க. (ii) B இலுள்ள தொடலியின் சமன்பாட்டைக் காண்க. (iii) P(7, 11) இலிருந்து வட்டத்துக்கு வரையப்படும் தொடலிகளின் சமன்பாடுகளைக் காண்க.

"தொடலிகள் எண்டு பன்மையில கேட்டிருக்கு. எனக்கு ஒண்டுதான் வருகுது மாமா. மற்றது எங்கை?"

"படம் கீறினனியே?"

"இல்லை. சமன்பாடுதானே கேட்டது."

அவன் செய்த கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் விடை பாதிதான். இந்தப் பாதி விடை பலருக்கும் வருகிறது. நானும் படித்த காலத்தில் ஒரு பரீட்சையில் இதே இடத்தில் ஒரு கோட்டைத் தொலைத்துவிட்டு, வீட்டுக்கு வந்த பிறகுதான் கண்டுபிடித்தேன். அதனால் இந்த ஒரு கேள்வியையே முதலிலிருந்து கடைசிவரை பார்ப்போம்.

வட்டம் என்றால் ஒரு தூரம்தான்

வளவில் ஒரு கட்டையை அடித்து, ஆட்டைக் கயிற்றில் கட்டிவிட்டால், இரண்டு நாளில் அதைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் புல் இருக்காது. வட்டத்தின் விளிம்பில் எந்த இடத்தை எடுத்தாலும் கட்டையிலிருந்து தூரம் ஒன்றே: கயிற்றின் நீளம். கட்டை மையம், கயிறு ஆரை. வட்டத்தின் சமன்பாடு சொல்வதும் இதைத்தான். (x, y) என்ற புள்ளி வட்டத்தில் இருக்கவேண்டுமானால் மையத்திலிருந்து அதன் தூரம் ஆரைக்குச் சமனாக இருக்கவேண்டும். தூரத்தைப் பைதகரசின் தேற்றத்தால் எழுதுகிறோம், வர்க்கமூலம் வேண்டாமென்று இரண்டு பக்கத்தையும் வர்க்கிக்கிறோம். மையம் (h, k), ஆரை r என்றால்,

(x − h)² + (y − k)² = r²

வேறொன்றும் இல்லை. ஆகவே எந்தக் கேள்வியிலும் நாம் தேடவேண்டியவை இரண்டு: கட்டை எங்கே, கயிறு எவ்வளவு.

இங்கே AB விட்டம். மையம் அதன் நடுப்புள்ளி. x ஆள்கூறுகளின் சராசரி (−1 + 5)/2 = 2, y ஆள்கூறுகளின் சராசரி (−3 + 5)/2 = 1. மையத்தை C(2, 1) என்று வைப்போம். A இலிருந்து B க்குப் போக வலப்பக்கம் 6, மேலே 8. ஆகவே AB = √(36 + 64) = 10. இந்த 10 ஐ அப்படியே தூக்கி r என்று போட்டு, வலப்பக்கத்தில் 100 எழுதுகிறவர்கள் நிறையப் பேர். 10 விட்டம், ஆரை 5. எனவே

(x − 2)² + (y − 1)² = 25

சரிபார்க்க B ஐப் போட்டால் போதும்: (5 − 2)² + (5 − 1)² = 9 + 16 = 25. வலப்பக்கத்தில் 100 இருந்திருந்தால் இந்த ஒரு வரியே காட்டிக் கொடுத்திருக்கும்.

விரித்து எழுதினால் x² + y² − 4x − 2y − 20 = 0. பயிற்சித்தாள்களில் பெரும்பாலும் வட்டம் இந்த உருவத்தில்தான் வரும். பொது வடிவம்

x² + y² + 2gx + 2fy + c = 0

இதில் மையம் (−g, −f), ஆரை √(g² + f² − c). நம்முடைய வட்டத்தில் 2g = −4, எனவே g = −2; 2f = −2, எனவே f = −1; c = −20. மையம் (2, 1). ஆரை √(4 + 1 + 20) = 5. குறி வழுக்குகிற இடங்கள் இரண்டு. மையத்துக்கு g, f இரண்டின் குறியையும் மாற்றவேண்டும். ஆரைக்கு c ஐக் கழிக்கவேண்டும். c தானே மறை எண்ணாக இருந்தால் கழிப்பது கூட்டலாகிவிடும். வர்க்கமூலத்துக்குள் மறை எண் வந்தால் பெரும்பாலும் இந்த இரண்டாவது இடத்தில்தான் சறுக்கியிருப்பீர்கள். இன்னொன்று: x², y² இரண்டுக்கும் குணகம் 1 ஆக இருந்தால்தான் இந்தச் சூத்திரம் பொருந்தும். 2x² + 2y² − 8x − 4y − 40 = 0 என்று தந்தால் முதலில் எல்லாவற்றையும் 2 ஆல் வகுக்கவேண்டும். அதுவும் இதே வட்டம்தான்.

மையத்தைக் கண்டுபிடிக்காமலே (i) ஐச் செய்யவும் வழி உண்டு. பிறகு தேவைப்படும் என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்று சாதாரணதரத்திலேயே படித்திருக்கிறோம். Q(x, y) வட்டத்தில் ஏதோ ஒரு புள்ளி என்றால் QA, QB இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்து. அவற்றின் படித்திறன்கள் (y + 3)/(x + 1), (y − 5)/(x − 5). செங்குத்தான கோடுகளின் படித்திறன்களைப் பெருக்கினால் −1. ஒழுங்குபடுத்தினால்,

(x + 1)(x − 5) + (y + 3)(y − 5) = 0

விரித்துப் பாருங்கள்: x² − 4x − 5 + y² − 2y − 15 = 0. முன்பு வந்த சமன்பாடே. விட்டத்தின் முனைகள் தந்திருந்தால் எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். நடுப்புள்ளியும் இல்லை, 10 ஐயும் 5 ஐயும் குழப்பிக்கொள்ள இடமும் இல்லை.

வட்டத்தின் மேலுள்ள புள்ளியில் தொடலி

மருமகனின் சைக்கிளைக் காட்டினேன். சில்லு தரையைத் தொடுவது ஒரே ஒரு புள்ளியில். அந்தப் புள்ளிக்கு நேர் மேலே அச்சு இருக்கிறது. தரை கிடையாக இருந்தால், அச்சையும் தொடுபுள்ளியையும் சேர்க்கும் கோடு நிலைக்குத்து. சில்லு உருண்டாலும் இது மாறாது. தொடலியைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டியது இந்த ஒன்றுதான்: தொடுபுள்ளிக்குப் போகும் ஆரை தொடலிக்குச் செங்குத்து.

ஏன் செங்குத்து? தரையில் வேறு எந்தப் புள்ளியை எடுத்தாலும் அது சில்லுக்கு வெளியே இருக்கிறது; ஆகவே அச்சிலிருந்து ஆரையைவிடத் தூரம். தரையில் அச்சுக்கு மிகக் கிட்டிய புள்ளி தொடுபுள்ளி. ஒரு புள்ளியிலிருந்து ஒரு கோட்டுக்கு மிகக் குறுகிய வழி செங்குத்துத்தான். இதிலிருந்து இன்னொரு விஷயமும் கிடைக்கிறது: மையத்திலிருந்து தொடலிக்கு உள்ள செங்குத்துத் தூரம் ஆரைக்குச் சமன். (ii) க்கு முதலாவது போதும். (iii) க்கு இந்த இரண்டாவது வேண்டும்.

C(2, 1) இலிருந்து B(5, 5) க்குப் போகும் ஆரையின் படித்திறன் 4/3. தொடலியின் படித்திறன் அதைத் தலைகீழாக்கிக் குறி மாற்றியது: −3/4. அது B இனூடாகப் போகிறது:

y − 5 = −(3/4)(x − 5)

4 ஆல் பெருக்கி ஒழுங்குபடுத்தினால் 3x + 4y − 35 = 0.

இங்கே வரும் வழக்கமான பிழை, 4/3 ஐயே தொடலியின் படித்திறனாகப் போட்டுவிடுவது. அப்படிச் செய்தால் 4x − 3y − 5 = 0 என்று வரும். இதுவும் B இனூடாகப் போகும் கோடுதான், அதனால் B ஐப் போட்டுச் சரிபார்த்தால் பிழை தெரியாது. மையத்தைப் போட்டுப் பாருங்கள்: 8 − 3 − 5 = 0. கோடு மையத்தினூடாகப் போகிறது! தொடலி என்று எழுதியது விட்டமாகிவிட்டது. சரியான விடையில் மையத்தைப் போட்டால் 6 + 4 − 35 = −25; அதன் பருமனை √(9 + 16) = 5 ஆல் வகுக்க 5 வருகிறது, அதாவது ஆரை. தொடலியைச் சரிபார்க்க மையத்தைத்தான் போடவேண்டும்.

இதற்கு ஒரு சூத்திரமும் தருவார்கள். வட்டத்தின் மேலுள்ள (x₁, y₁) இல் தொடலி

x·x₁ + y·y₁ + g(x + x₁) + f(y + y₁) + c = 0

B ஐப் போட்டால் 5x + 5y − 2(x + 5) − (y + 5) − 20 = 0, சுருக்க 3x + 4y − 35 = 0. சூத்திரம் நல்ல வேகம். ஆனால் "வட்டத்தின் மேலுள்ள" என்ற நிபந்தனையை மறந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சத்தில் பார்ப்போம்.

வெளியிலுள்ள புள்ளியிலிருந்து

இப்போது P(7, 11). முதல் வேலை, P எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. வட்டத்தின் சமன்பாட்டின் இடப்பக்கத்தில் P ஐப் போடுவோம்: 49 + 121 − 28 − 22 − 20 = 100. பூச்சியம் வந்திருந்தால் P வட்டத்தின் மேல், தொடலி ஒன்று. மறையாக வந்திருந்தால் வட்டத்துக்குள், தொடலியே இல்லை. நேராக வந்ததால் P வெளியே, தொடலிகள் இரண்டு. இந்த "இரண்டு" என்ற எண்ணைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருமகன் எழுதி வைத்திருந்தால் என்னிடம் வந்திருக்கமாட்டான்.

அந்த 100 வேறொன்றும் சொல்கிறது. அதன் வர்க்கமூலம் 10, P இலிருந்து தொடுபுள்ளிவரை உள்ள தொடலியின் நீளம். C, தொடுபுள்ளி, P மூன்றும் செங்கோண முக்கோணி; CP² = 5² + 10² = 125, ஆரை 5, ஆகவே மிச்சப் பக்கம் √(125 − 25) = 10.

இனி அவன் செய்த வழி. P இனூடாகப் போகும் கோட்டின் படித்திறன் m என்றால் y − 11 = m(x − 7). ஒரு பக்கத்துக்குக் கொண்டுவந்தால்

mx − y + 11 − 7m = 0

மையம் (2, 1) இலிருந்து இதற்கு உள்ள செங்குத்துத் தூரம் 5 ஆக இருக்கவேண்டும். மையத்தைப் போட 2m − 1 + 11 − 7m = 10 − 5m. எனவே

|10 − 5m| / √(m² + 1) = 5

5 ஆல் வகுத்து வர்க்கித்தால் (2 − m)² = m² + 1. விரித்தால்

4 − 4m + m² = m² + 1

இரண்டு பக்கமும் m² வெட்டுப்படுகிறது. மிச்சம் 4m = 3, ஆகவே m = 3/4. கோடு 3x − 4y + 23 = 0. மையத்தைப் போட்டால் 6 − 4 + 23 = 25, ஐந்தால் வகுக்க 5. சரிதான். ஆனால் ஒன்றுதான்.

கோட்டை y = mx + … என்று எடுத்து வட்டத்தின் சமன்பாட்டில் பிரதியிட்டு, தன்மைகாட்டி பூச்சியம் என்று போடுகிற வழியும் உண்டு. அதிலும் இதே m = 3/4 தான் வரும், இரண்டு பக்கம் கூடுதலாக எழுதிய பிறகு. வெளிப்புள்ளிக் கேள்விகளுக்கு அந்த வழியை நான் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. தூரத்தால் மூன்று வரியில் முடிகிறதை ஏன் நீட்டவேண்டும்?

சரி, மற்றக் கோடு எங்கே? வரைபுத்தாளை எடுத்து மையத்தையும் வட்டத்தையும் P ஐயும் குறிக்கச் சொன்னேன். வட்டத்தின் வலப்பக்க ஓரம் மையத்திலிருந்து 5 தள்ளி, அதாவது x = 7 இல். P இன் x ஆள்கூறும் 7. அடிமட்டத்தை P இல் வைத்து நேரே கீழே இழுத்தால் கோடு வட்டத்தை (7, 1) இல் உரசிக்கொண்டு போகிறது. அதுதான் மற்றத் தொடலி: x = 7.

"உதை நான் ஏன் காணேல்லை?"

காணமுடியாது. கோட்டை y − 11 = m(x − 7) என்று எழுதிய கணமே அந்தக் கோட்டுக்குக் கதவைச் சாத்திவிட்டோம். நிலைக்குத்துக் கோட்டுக்குப் படித்திறன் கிடையாது. அதில் x மாறுவதில்லை, ஆகவே y இன் மாற்றத்தைப் பூச்சியத்தால் வகுக்கவேண்டி வரும். m க்கு எந்த எண்ணைப் போட்டாலும் x = 7 கிடைக்காது. ஆனால் m² வெட்டுப்பட்டுப் போனதே, அதுதான் அடையாளம். வழக்கமாக இந்த இடத்தில் m இல் ஓர் இருபடிச் சமன்பாடு வரும், இரண்டு தீர்வு, இரண்டு தொடலி. m² காணாமல் போனால் ஒரு தீர்வும் கூடவே போகிறது. போனது எது என்று தேடவேண்டியதில்லை: P இனூடாகப் போகும் நிலைக்குத்துக் கோடுதான்.

படத்தை நம்பாமல் அட்சரகணிதத்தாலேயே அதைப் பிடிக்கவும் வழி இருக்கிறது. படித்திறனே வேண்டாம் என்று வைத்து, P இனூடாகப் போகும் கோட்டை இப்படி எழுதுங்கள்:

a(x − 7) + b(y − 11) = 0

a, b இரண்டும் ஒருசேரப் பூச்சியமாக இல்லாதவரை இது P இனூடாகப் போகும் எல்லாக் கோடுகளையும் அடக்கும், நிலைக்குத்துக் கோடு உட்பட. மையத்தைப் போட்டால் −5a − 10b. அதன் பருமனை √(a² + b²) ஆல் வகுக்க 5 வரவேண்டும். 5 ஆல் வகுத்து வர்க்கித்தால்

(a + 2b)² = a² + b²

a², b² சுருங்கிப்போக 4ab + 3b² = 0. காரணிப்படுத்தினால்

b(4a + 3b) = 0

இப்போது இரண்டும் கண்முன்னே நிற்கின்றன. b = 0 என்றால் கோடு a(x − 7) = 0, அதாவது x = 7. 4a = −3b என்றால் a = 3, b = −4 என்று எடுக்கலாம்; கோடு 3(x − 7) − 4(y − 11) = 0, அதாவது 3x − 4y + 23 = 0. முதல் வழியில் நாம் m = −a/b என்று எழுதியது போலத்தான். b ஆல் வகுத்தோம், b பூச்சியமாக இருக்கக்கூடும் என்று நினைக்கவில்லை. ஒரு சமன்பாட்டில் இரண்டு பக்கத்தையும் x ஆல் வெட்டி x = 0 என்ற தீர்வைத் தொலைப்பது எல்லோருக்கும் தெரிந்த பிழை. இதுவும் அதன் சொந்தக்காரன்தான், வேறு சட்டை போட்டிருக்கிறது.

சூத்திரத்தில் P ஐப் போட்டால்

மருமகனின் நண்பன் ஒருவன் இதே கேள்விக்கு வேறு விடை எழுதியிருந்தானாம். தொடலிச் சூத்திரத்தில் P(7, 11) ஐயே போட்டுவிட்டான்:

7x + 11y − 2(x + 7) − (y + 11) − 20 = 0

சுருக்கினால் 5x + 10y − 45 = 0, அதாவது x + 2y − 9 = 0. பார்க்க நல்ல கோடு. ஆனால் P இலிருந்து வரைந்த தொடலி P இனூடாகப் போகவேண்டாமா? P ஐப் போட்டால் 7 + 22 − 9 = 20. பூச்சியம் இல்லை. ஆகவே இது தொடலி அல்ல.

அப்படியென்றால் இது என்ன கோடு? முதலில் இரண்டு தொடுபுள்ளிகளையும் எடுப்போம். x = 7 தொடுவது (7, 1) இல். 3x − 4y + 23 = 0 தொடும் இடத்துக்கு, மையத்திலிருந்து அதற்குச் செங்குத்தாக ஒரு கோடு வேண்டும். படித்திறன் −4/3, C இனூடாக: 4x + 3y − 11 = 0. இரண்டையும் ஒருங்கமை சமன்பாடுகளாகத் தீர்த்தால் x = −1, y = 5. இப்போது (7, 1) ஐ x + 2y − 9 இல் போடுங்கள்: 7 + 2 − 9 = 0. (−1, 5) ஐப் போடுங்கள்: −1 + 10 − 9 = 0. நண்பன் எழுதியது இரண்டு தொடுபுள்ளிகளையும் சேர்க்கும் நாண், தொடுகை நாண். கேட்ட விடை அல்ல, ஆனால் உதவாத கோடும் அல்ல. இந்தக் கோடும் வட்டமும் வெட்டும் புள்ளிகளைக் கண்டால் தொடுபுள்ளிகள் வந்துவிடும். பிறகு ஒவ்வொன்றையும் P உடன் சேர்த்தால் தொடலிகள். அந்த வழியில் போகிறவருக்கு நிலைக்குத்துத் தொடலி தொலையவே தொலையாது. ஏனென்றால் முதலில் புள்ளிகளைத் தேடுகிறார், படித்திறனைத் தேடவில்லை.

கவராயத்தால் தொடலி கீறும்போதும் நாம் இதைத்தான் செய்கிறோம். C, P இரண்டையும் இணைத்து, CP ஐ விட்டமாகக் கொண்டு இன்னொரு வட்டம் கீறினால், இரண்டு வட்டங்களும் வெட்டும் இடங்கள்தான் தொடுபுள்ளிகள். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்பதால் அந்த இடத்தில் ஆரையும் தொடலியும் செங்குத்தாக வந்துவிடும். (i) இல் பார்த்த அதே விட்ட முறையால் அந்த இரண்டாம் வட்டத்தை எழுதலாம்: (x − 2)(x − 7) + (y − 1)(y − 11) = 0, அதாவது x² + y² − 9x − 12y + 25 = 0. நம்முடைய வட்டத்திலிருந்து இதைக் கழித்தால் 5x + 10y − 45 = 0. நண்பனின் கோடு மறுபடியும்.

மருமகன் இதைக் கவராயத்தால் கீறிப் பார்த்தான். ஒரு புள்ளி (7, 1) இல் சரியாக விழுந்தது. மற்றது (−1, 5) க்கு ஒரு மயிரிழை தள்ளி விழுந்தது, பென்சில் மழுங்கியிருந்தது.

தேத்தண்ணி குடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனான். அதே வட்டம், புள்ளி மட்டும் (7, −4). கோட்டை m வைத்து எழுதி, தூரத்தைப் போட்டு, வர்க்கித்தான்: (1 + m)² = 1 + m². m² வெட்டுப்பட்டது. 2m = 0. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூச்சியம் வந்தால் தொடலி இல்லையெண்டோ?"

"m பூச்சியம் எண்டால் கோடு எப்பிடி இருக்கும்?"

"கிடையாய்... y = −4." பிறகு தாளின் ஓரத்தில் தான் எழுதி வைத்திருந்த 2 ஐப் பார்த்தான். "மற்றது x = 7. ரெண்டும் செங்குத்து மாமா. மையம், ரெண்டு தொடுபுள்ளி, இந்தப் புள்ளி, நாலும் சேர்ந்து ஒரு சதுரம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஏற்கெனவே வரைபுத்தாளை இழுத்து அந்தச் சதுரத்தைக் கீறத் தொடங்கியிருந்தான்.